நான்கு கன சென்ரிமீற்றருக்காக முழு மூளையுமா?

மார்பிலோ நுரையீரலிலோ தொடங்கிய புற்றுநோய் மூளைக்குப் பரவிவிட்டது என்ற செய்தி ஒரு வீட்டுக்கு வந்து சேரும்போது, அடுத்து எழவேண்டிய இரண்டு கேள்விகள் பெரும்பாலும் எழுவதே இல்லை. எத்தனை கட்டிகள்? ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது? இவற்றைக் கேட்கும் திராணி அந்த நேரத்தில் வீட்டாருக்கு இராது. கேட்காமலே பதில் சொல்லும் பொறுமை, சனம் நிறைந்து வழியும் கிளினிக்கில் வைத்தியருக்கும் இராது. ஆகவே வழக்கம் தீர்மானிக்கிறது. "தலைக்குப் பத்துக் கரண்ட்" என்று நம்மவர்கள் வீட்டுக்கு வந்து சொல்வது அந்த வழக்கத்தைத்தான். கட்டி மூன்றோ முப்பதோ, மூளை முழுவதற்கும் பத்து நாள் கதிர்.

ஒரு காலத்தில் இதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. அது புதியதும் அன்று. சிறிய கட்டிகள் நாலைந்துக்கு மேற்படாத, உடல்நிலை ஓரளவு நன்றாயுள்ள நோயாளிக்கு முழுமூளைக் கதிரை முதற்சிகிச்சையாகக் கொடுப்பது இன்று நியாயப்படுத்தக் கடினமான செயல் என்பது என் வாதம். மன்னார்த் தீவைப் போன்ற ஒரு தொலைதூர இடத்து நோயாளிக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்றும் சொல்வேன். "அதெல்லாம் கொழும்புக்காரருக்கும் காசுக்காரருக்கும்" என்ற பேச்சை நான் ஏற்கவில்லை.

உண்மையான எவரையும் சுட்டாமல், ஒரு மாதிரி நோயாளியை வைத்துக்கொண்டு பேசுவோம். பேசாலையில் ஓர் அம்மா, வயது 58. மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் மருந்தும் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. உடம்பின் மற்றப் பகுதிகளில் நோய் அடங்கியிருக்கிறது. தானே சமைக்கிறார், கோயிலுக்கு நடந்து போகிறார். ஒரு மாதமாக விடியற்காலையில் தலையிடி. இடது கை அடிக்கடி கோப்பையை நழுவவிடுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் மூளையில் மூன்று கட்டிகள். குறுக்களவு முறையே 18, 11, 7 மில்லிமீற்றர்.

பள்ளிக்கூடத்தில் படித்த கோளத்தின் கனவளவுச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 4 கன சென்ரிமீற்றர். ஒரு தேக்கரண்டி கூட நிறையாது. மனித மூளையோ சுமார் 1300 கன சென்ரிமீற்றர். முழுமூளைக் கதிர் என்றால் இந்த 4க்காக மற்ற 1296ஐயும் அதே அளவு சுடுவது. வழமையான அளவு 10 அமர்வுகளில் 30 கிறே, ஓர் அமர்வுக்கு 3 கிறே. இதைவிடக் கூட்டமுடியாது. கூட்டினால் நல்ல மூளை தாங்காது. ஆக, நல்ல மூளை தாங்கும் எல்லைதான் கட்டிக்குப் போகும் மருந்தின் எல்லையும் ஆகிவிடுகிறது. நல்ல மூளைக்கு வேண்டாததும், கட்டிக்குப் போதாததுமான ஓர் இடைத்தொகை அது.

மற்ற வழிக்கு ஸ்டீரியோடக்டிக் ரேடியோசேர்ஜரி என்று பெயர். வாய்க்குள் நுழையாத பெயர் என்பதால் இங்கே குறிக்கதிர் என்றே எழுதுகிறேன். கத்தி இல்லை, மண்டையோட்டைத் திறப்பதும் இல்லை. மெல்லிய கதிர்கள் பல திசைகளிலிருந்து வருகின்றன. தனித்தனியே ஒவ்வொன்றும் பலவீனமானது. எல்லாம் சந்திக்கும் புள்ளியில் மட்டும் உக்கிரம். அந்தப் புள்ளியைக் கட்டியின்மேல் வைப்பதுதான் கலை. 2 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டிக்கு ஒரே அமர்வில் 20 முதல் 24 கிறே வரை கொடுக்கலாம். 30ஐவிட 24 குறைவுதானே என்று நினைக்கவேண்டாம். ஒரே தடவையில் விழும் அடியும் பத்தாகப் பிரித்து விழும் அடியும் ஒன்றல்ல. கதிரியலாளரின் வழமையான கணக்குப்படி இந்த 24, கட்டியைப் பொறுத்தவரை அந்த 30ஐவிட இரண்டு மடங்கு வலியது. அதேவேளை கட்டியின் விளிம்பைத் தாண்டிச் சில மில்லிமீற்றரிலேயே அளவு சரியத் தொடங்கிவிடும்.

சரி, இதற்கு ஆதாரம் என்ன? இங்கேதான் பத்திரிகைக்காரன் நிதானிக்கவேண்டும். சிறுதொகைக் கட்டிகளுக்குக் குறிக்கதிர் மட்டுமா, முழுமூளைக் கதிர் மட்டுமா என்று இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய பெரிய ஆய்வு ஒன்றை வைத்து இந்த முடிவுக்கு வரவில்லை. ஆதாரம் இரண்டு படிகளில் வந்தது. முதற்படியில், முழுமூளைக் கதிர் பெறுவோரில் ஒரு பாதிக்குக் குறிக்கதிரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2004இல் 'லான்செற்' இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு அது. ஒரேயொரு கட்டி உள்ளவர்கள், சேர்த்துக் கொடுத்தபோது கூடுதலாக வாழ்ந்தார்கள்: இடைநிலை ஆயுள் 4.9 மாதத்திலிருந்து 6.5 மாதமாயிற்று. அதாவது முழுமூளைக் கதிர் தனியே போதாது என்பது உறுதியாயிற்று. இரண்டாம் படியில் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். குறிக்கதிர் கொடுத்தாயிற்று, இனி முழுமூளைக் கதிர் எதற்கு? 2006இல் யப்பானிய ஆய்வு ஒன்று, ஒன்று முதல் நான்கு வரை கட்டிகள் உள்ள 132 பேரை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு கட்டியும் 3 சென்ரிமீற்றருக்கு உட்பட்டது. குறிக்கதிர் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 8.0 மாதம், இரண்டும் பெற்றவர்களுக்கு 7.5 மாதம். வேறுபாடே இல்லை எனலாம். பின்னர் ஐரோப்பாவில் 359 பேரை வைத்துச் செய்த ஆய்விலும் ஆயுள் கூடவில்லை.

ஆயுளைக் கூட்டாத ஒன்று வேறெதைக் கூட்டுகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. இதற்குப் பதில் தந்தது 2016இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு. ஒன்று முதல் மூன்று கட்டிகள் உள்ள 213 பேருக்கு நினைவு, சொல்வளம், சிந்தனை வேகம் ஆகியவற்றைச் சோதித்தார்கள். மூன்று மாதத்தில் குறிக்கதிர் மட்டும் பெற்றவர்களில் 63.5 சதவீதத்தினருக்கு ஏதோவொரு சோதனையில் சரிவு தெரிந்தது. முழுமூளைக் கதிரும் சேர்த்துப் பெற்றவர்களில் 91.7 சதவீதம். முதல் எண்ணும் சிறியதன்று என்பதைக் கவனியுங்கள். நோயும் மருந்தும் தம் பங்குக்கு மனத்தை அரிக்கின்றன. ஆனால் இரண்டாவது எண், தப்பியவர் அநேகமாக எவருமில்லை என்று சொல்கிறது.

இந்தச் சரிவு எப்படிப்பட்டது என்பதை நம் ஊர் நோக்கில் விளக்கவேண்டும். ஏனென்றால் நம் வீடுகளில் அது கண்ணில் படுவதில்லை. பேசாலை அம்மா கதிர் முடிந்து மூன்று மாதத்தின் பின்னும் செபமாலையை ஒரு மணி தவறாமல் சொல்லுவார். தவக்காலத்தில் பசாம் பாட்டை முன்போலவே பாடுவார். மாதோட்டப் பாங்கில் கூத்துப் பழகிய அண்ணாவியார் ஒருவருக்கு இதே சிகிச்சை நடந்தால், அவரும் பழைய நாடகத்தின் விருத்தங்களை வரிசை குலையாமல் சொல்லக்கூடும். "ஞாபகத்துக்கு ஒன்றும் இல்லை, முழுக்கச் சொல்லுகிறார்" என்று பிள்ளைகள் நிம்மதியடைவார்கள். நாற்பது ஆண்டு ஓதியது மூளையில் பல இடங்களில் பதிந்து கிடக்கிறது. அது எளிதில் அழியாது. அழிவது புதியதைப் பதியவைக்கும் திறன். அதன் வாசல் மூளையின் இருபுறமும் உள்ளே சுருண்டு கிடக்கும் ஹிப்போகம்பஸ் என்னும் சிறு பகுதி. அங்குள்ள இளம் கலங்கள் கதிருக்கு மிக இலகுவில் பலியாகின்றன. ஆகவே காலையில் தொலைபேசியில் பேசிய மகள் மத்தியானம் மறந்துபோவாள். மாத்திரை போட்டாயிற்றா என்பது தெரியாது. இரண்டாம் தடவையும் போடுவார். அடுப்பில் வைத்த உலை கருகும். ஆய்வுகளில் இதைக் கண்டுபிடிக்கும் முறை மிக எளிது. 12 சொற்களை வாசித்துக்காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்கிறார்கள். சுமார் இருபது நிமிடம் கழித்து மீண்டும் கேட்கிறார்கள். ஐரோப்பிய மொழிகளில்தான் இது நடக்கவேண்டும் என்றில்லை. மீன் பெயரும் பாத்திரப் பெயருமாகப் பன்னிரண்டு சொல் எழுதிச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கேட்பதற்கு நம் கிளினிக்குகளில் ஒரு தாதிக்கு அரை மணி நேரம் போதும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. முழுமூளைக் கதிரை விட்டுவிட்டால், இன்று கண்ணுக்குத் தெரியாத நுண்கட்டிகள் பின்னர் வேறிடங்களில் முளைக்கும். அவையும் மூளையைக் கெடுக்குமே என்பது அது. உண்மைதான். அந்த யப்பானிய ஆய்விலேயே ஓராண்டுக்குள் மூளையில் மீண்டும் நோய் தலைகாட்டியது, குறிக்கதிர் மட்டும் பெற்றவர்களில் 76.4 சதவீதத்தினருக்கு. இரண்டும் பெற்றவர்களுக்கு 46.8 சதவீதம். இதை மறைத்துக் குறிக்கதிரைப் புகழ்பவர் விற்பனையாளராகத்தான் இருக்கமுடியும். ஆனாலும் முடிவு மாறவில்லை. முளைக்கும் புதுக் கட்டியை அது 5 மில்லிமீற்றராக இருக்கும்போதே கண்டுபிடித்தால் அதற்கும் குறிக்கதிர் கொடுக்கலாம்; தேவையானால் முழுமூளைக் கதிரை அப்போது எடுக்கலாம். கையிருப்பில் உள்ள ஆயுதத்தை முதல்நாளே செலவிடவேண்டியதில்லை. மறந்துபோன நினைவை அப்படித் திரும்ப எடுக்க வழியில்லை. 2014இல் அமெரிக்கக் கதிர்ப் புற்றுநோயியல் சங்கம், சிறுதொகைக் கட்டிகளுக்குக் குறிக்கதிரோடு முழுமூளைக் கதிரை வழக்கமாகச் சேர்க்கவேண்டாம் என்று தன் உறுப்பினருக்கே சொல்லியது. 2022இல் அதன் வழிகாட்டி, நான்கு கட்டிகள் வரை குறிக்கதிரையே பரிந்துரைத்தது; ஐந்து முதல் பத்து வரைகூட நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டது.

இந்த எதிர்வாதத்துக்குள் மன்னாருக்கான உண்மையான கேள்வி ஒளிந்திருக்கிறது. குறிக்கதிர் பெற்றவர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆகவேண்டும். எடுக்காவிட்டால் மேலே சொன்ன கணக்கெல்லாம் பொய்யாகும். தீவில் இருப்பவருக்கு இது இலேசான காரியம் அல்ல. பாலம் கடந்து, யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ பயணம். கூட ஒருவர் வரவேண்டும். அந்த ஒருவர் கடலுக்குப் போகும் மகன் என்றால் அன்றைய தொழில் போயிற்று. ஆகவே வாதிடுகிறார்கள்: இவர்களால் தொடர்ந்து வர இயலாது, ஆகவே முழுமூளைக்கே கொடுத்துவிடுவோம்.

கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கட்டும். மன்னாரில் கதிர்ச் சிகிச்சை இல்லை. தெல்லிப்பழை என்றால் சங்குப்பிட்டிப் பாலத்தால் போனாலும் நூறு கிலோமீற்றருக்கும் மேல். மகரகம என்றால் 300 கிலோமீற்றர். 10 அமர்வு என்பது சனி ஞாயிறு நீக்கி இரண்டு வாரம். தினமும் போய்வர முடியாது. உறவினர் வீட்டிலோ விடுதியிலோ வார்ட்டிலோ தங்கவேண்டும். தலைமயிர் கொட்டி, சோர்ந்து, சாப்பாடு பிடிக்காமல் வீடு திரும்பிய பின்னும் பல வாரம் பராமரிப்பு வேண்டும். குறிக்கதிருக்கு, திட்டமிடும் எம்.ஆர்.ஐ.யும் முகக்கவசம் எடுப்பதும் ஒரு பயணம். சிகிச்சை இன்னொரு பயணம், பல இடங்களில் ஒரே நாளில் வீடு திரும்பலாம். பிறகு ஓராண்டில் நான்கைந்து ஸ்கேன் பயணங்கள். நாட்களை எண்ணினால் இரண்டும் ஏறத்தாழச் சமன். ஒன்றில் நாட்கள் சிகிச்சைக்குப் போகின்றன, மற்றதில் கண்காணிப்புக்கு. அத்துடன், மாத்திரையைத் தானே நினைவில் வைத்து எடுக்கும் ஒருவரைக் கவனிப்பதற்கும், அடுப்படியில் தனியே விடமுடியாத ஒருவரைக் கவனிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த வைத்தியசாலைக் கணக்கும் சேர்ப்பதில்லை. அதைச் சுமப்பவள் அநேகமாக ஒரு மகள் அல்லது மருமகள். அவளுடைய உழைப்புக்கு நம் திட்டங்களில் விலை கிடையாது.

ஆகவே கேட்கவேண்டியது மன்னாரில் ஒரு பெரிய இயந்திரம் அல்ல. குறிக்கதிர் பெற்ற நோயாளிக்குக் குறித்த தவணையில், காத்திருப்புப் பட்டியலுக்கு வெளியே, ஒரு எம்.ஆர்.ஐ. நேரமும், மன்னார் மாவட்ட வைத்தியசாலையிலிருந்து அதற்குப் போய்வர ஒரு வாகனமும். இதைக் கேட்பதற்குத் தேர்தல் மேடை கூடத் தேவையில்லை.

கடலுக்கு அப்பால் பார்ப்பவர்களும் உண்டு. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கரை சுமார் 30 கிலோமீற்றர். கப்பல் நின்றது 1984இல். இப்போது சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகிறவர் வடக்கே பலாலிக்கோ தெற்கே கட்டுநாயக்காவுக்கோ போய் விமானம் ஏறுகிறார். தாலியையும் தோணியையும் அடகு வைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். "கத்தியின்றி, வலியின்றி, ஒரே நாளில் மூளைப் புற்றுநோய்க்கு விடுதலை" என்ற தோரணையில் பத்திரிகைகளில் வரும் செய்திகளில் எத்தனை செய்தி, எத்தனை காசு கொடுத்த விளம்பரம் என்பதை இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் வாசகர்களே ஊகிக்க விட்டுவிடுகிறேன். குறிக்கதிர் அந்தக் கட்டிகளை அடக்கும், புற்றுநோயைக் குணப்படுத்தாது. உடம்பில் நோய் கட்டுக்கடங்காமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அதற்காக வீட்டை விற்பது வீண்.

விளம்பரங்கள் சொல்லாத ஆபத்து இன்னும் இரண்டு. ஒன்று, கதிர் பட்ட இடம் ஆறு மாதம் ஓராண்டு கழித்து உள்ளுக்குள் அழுகி வீங்கலாம். எம்.ஆர்.ஐ.யில் அது கட்டி மீண்டும் வளர்வது போலவே தெரியும். அவசரப்பட்டு மீண்டும் கதிர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். பழைய படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும் அனுபவசாலி ஒருவர் வேண்டும். சிலவேளை சில வாரம் பொறுத்து மீண்டும் படமெடுப்பதே சரி. கட்டி பெரிதாகப் பெரிதாக இந்த ஆபத்தும் கூடும். 3 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கட்டிக்குச் சத்திரசிகிச்சையை முதலில் யோசிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றது இயந்திரம் பற்றியது. மில்லிமீற்றர் கணக்கில் குறிவைக்கும் வேலைக்கு எந்தக் கதிர் இயந்திரமும் உதவாது. நம் நாட்டில் நெடுங்காலம் உழைத்த கோபால்ற் இயந்திரங்களில் கதிர் மூலமே ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் அகலமானது. அதன் கதிரின் விளிம்பு மங்கலாகத்தான் விழும். 7 மில்லிமீற்றர்க் கட்டியை அதனால் குறிவைக்க முடியாது. காமா நைஃப் என்பதும் கோபால்ற்தான், ஆனால் அதில் கிட்டத்தட்ட இருநூறு நுண்மூலங்கள் ஒரே புள்ளியை நோக்கியிருக்கும். நல்ல லீனியர் அக்ஸிலரேற்றரும் இந்த வேலையைச் செய்யும். செய்யும் நாளில் ஒரு சிறு உலோகக் குண்டை நடுவில் வைத்துப் பல கோணங்களில் படமெடுத்து, கதிரின் மையம் 1 மில்லிமீற்றருக்குள் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். பார்ப்பவர் மருத்துவ பௌதிகவியலாளர். அவர் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு பிரான்சின் துலூஸ் நகரம் சாட்சி. சிறிய கதிரை அளப்பதற்குப் பொருந்தாத பெரிய அளவுகருவியால் அளந்ததால், 2006 ஏப்ரலுக்கும் 2007 ஏப்ரலுக்கும் இடையில் 145 நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிரைப் பெற்றார்கள். இயந்திரம் பழுதில்லை. ஓராண்டு எவருக்கும் தெரியவில்லை. இயந்திரத்தைத் திறந்துவைக்க ரிப்பன் வெட்டும் நம் அமைச்சர்கள் பௌதிகவியலாளர் பதவிகளை நிரப்பும் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கும் அதே உற்சாகத்தைக் காட்டவேண்டும்.

முழுமூளைக் கதிர் ஒழியவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டிகள் எண்ணமுடியாதபடி சிதறியிருந்தால், மூளையைச் சுற்றிய சவ்விலேயே நோய் படர்ந்திருந்தால், அதற்கு இன்னும் இடமுண்டு. அப்போதும் ஹிப்போகம்பஸைத் தவிர்த்துக் கொடுக்கும் முறை இருக்கிறதா என்று கேட்கலாம். மிகவும் தளர்ந்துபோனவருக்கு "எதையாவது செய்யவேண்டுமே" என்று கொடுப்பதுதான் மனத்தை உறுத்துகிறது. 2016இல் வெளியான பிரித்தானிய ஆய்வு, நுரையீரலிலிருந்து மூளைக்குப் பரவி, சத்திரசிகிச்சைக்கும் குறிக்கதிருக்கும் பொருந்தாத 538 பேரை எடுத்தது. ஒரு பாதிக்கு டெக்சாமெதசோன் மாத்திரையும் நல்ல பராமரிப்பும். மறு பாதிக்கு அவற்றோடு முழுமூளைக் கதிரும். ஆயுள் 8.5 வாரம், 9.2 வாரம். அந்தச் சில நாட்களுக்காக ஒருவரை மன்னாரிலிருந்து கொண்டுபோய்ப் பெரிய வைத்தியசாலை ஒன்றின் நடைபாதையில் காத்திருக்கவைப்பது யாருடைய ஆறுதலுக்கு?

பேசாலை அம்மாவிடம் திரும்புவோம். அவர் அந்த நிலையில் இல்லை. மூன்று கட்டி, மூன்றும் சிறியவை, நடமாடுகிறார், உடம்பில் நோய் அடங்கியிருக்கிறது. டெக்சாமெதசோன் தொடங்கினால் சில நாட்களிலேயே தலையிடி தணியும், கைக்கும் ஓரளவு வலு திரும்பும். அது முடிவெடுப்பதற்கான அவகாசம். அந்த அவகாசத்தில் மகன் செய்யவேண்டியது ஒன்று. ஸ்கேன் எடுத்த இடத்தில் அறிக்கைத் தாளோடு நின்றுவிடாமல் படங்கள் உள்ள சீடியையும் கேட்டு வாங்கவேண்டும். "பல கட்டிகள் காணப்படுகின்றன" என்று மட்டும் எழுதியிருக்கும் அறிக்கையைக் கொண்டு எந்த ஊரிலும் எவரும் குறிக்கதிரைப் பற்றி முடிவு சொல்லமுடியாது. எண்ணிக்கையும் மில்லிமீற்றரும் அந்த சீடியில்தான் இருக்கின்றன. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, மூன்றுதானே, எல்லாம் இரண்டு சென்ரிமீற்றருக்கு உள்ளேதானே, தனித்தனியே குறிவைத்துக் கொடுக்க முடியாதா? இங்கே முடியாதென்றால் எங்கே அனுப்புவீர்கள்?" என்று கேட்கட்டும். பத்து நாள் சிகிச்சைக்கான அட்டையில் திகதி எழுதப்படுவதற்கு முன்னரே கேட்கட்டும்.